பேட்டரி செத்தது சரி, கொன்றது யார்?

பட்டர்வொர்த்தில் ஓர் அக்கா கையில் எமர்ஜென்சி விளக்கோடு வந்தார். "தம்பி, ராத்திரி பூரா சார்ஜ்ல போடுறேன், கால் மணி நேரம்கூட எரியலை. போன வருசம்தான் புது பேட்டரி மாத்தினோம்."

அந்தக் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு பேட்டரி ஒரே வருடத்தில் போனால் பேட்டரியின் மேல் மட்டும் பழி போட முடியாது.

மலிவான விளக்குகள் பலவற்றில் இருப்பது 4 வோல்ட் ஈய-அமில பேட்டரி. அக்காவுடையது 1 ஆம்பியர்-மணி. உள்ளே இரண்டு அறைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஆகி ஓய்ந்திருக்கும்போது மல்டிமீட்டரில் 4.2 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். (யூஎஸ்பி வழியாக சார்ஜ் ஆகும் லித்தியம் விளக்குகளின் கணக்கு வேறு. இந்த எண்களை அதற்குப் பொருத்த வேண்டாம்.)

இரவு முழுக்க சார்ஜ் போட்டு, பிளக்கைக் கழற்றி, ஒரு மணி நேரம் கழித்து அளந்தேன்: 4.1 வோல்ட். நல்ல பேட்டரி போலத்தான் தெரிகிறது. ஆனால் சும்மா இருக்கும் பேட்டரியின் வோல்ட்டை நம்பக் கூடாது. விளக்கை எரியவிட்டு, மீட்டர் முனைகளை பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்தபடியே பார்க்க வேண்டும். இந்த ஒரே அளவு சுவிட்ச் கோளாறையும் பேட்டரி கோளாறையும் பிரித்துக் காட்டிவிடும். விளக்கு மங்கலாக எரிந்தும் பேட்டரியில் 4 வோல்ட் அப்படியே நின்றால், கரண்ட் வழியில் எங்கோ தடைபடுகிறது. அப்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது சுவிட்சைத்தான். பினாங்கின் ஈரமும் கடல் காற்றும் அதன் தகடுகளில் களிம்பு ஏற்றிவிடும். எரியும்போதே சுவிட்சின் இரு கால்களுக்கு நடுவே அளந்தால் ஏறக்குறைய சுழியம் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினால் மாற்றிவிடலாம்.

இந்த விளக்கில் சுவிட்ச் 0.02 வோல்ட்தான் காட்டியது. பேட்டரியோ ஒரு நிமிடத்தில் 4.1-லிருந்து 3 வோல்ட்டுக்குச் சரிந்தது. ஆக, சுவிட்ச் நல்லது, பேட்டரி போய்விட்டது.

ஏன் போனது? பேட்டரி கரண்ட் கொடுக்கும்போது தகடுகளின்மேல் ஈய சல்பேட் படிகிறது. புதிதாகப் படிந்தது பொடியாக இருக்கும், சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். சார்ஜ் ஏறாமலோ அரைகுறையாகவோ வாரக்கணக்கில் கிடந்தால் அதே சல்பேட் பெரிய கெட்டிப் படிகங்களாகி தகட்டை மூடிக்கொள்ளும். அப்புறம் அது எளிதில் கரையாது. நம் ஊர் வெக்கையில் இது இன்னும் வேகமாக நடக்கும். தைப்பூசத் தண்ணீர்ப்பந்தலில் எரித்துவிட்டு தீபாவளி வரை அலமாரியில் தூங்கும் விளக்கின் கதி இதுதான்.

ஆனால் இந்த அக்கா வாரந்தோறும் சார்ஜ் போடுகிறவர். அப்படியானால் சார்ஜரைப் பார்க்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த ரக விளக்குகளில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. சுவரில் வரும் 240 வோல்ட்டை ஒரு கெப்பாசிட்டர்தான் மட்டுப்படுத்துகிறது. பிளக் சுவரில் இருக்கும்போது பேட்டரி முனையைத் தொட்டாலும் ஷாக் அடித்து உயிர் போகலாம். மூடியைத் திறந்து வைத்து சார்ஜ் போட்டு அளக்கும் வேலையே வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும், கெப்பாசிட்டரின் கால்களை 10 கிலோ ஓம் ரெசிஸ்டரால் இணைத்து மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ரெசிஸ்டரை இடுக்கியால் பிடியுங்கள், விரலால் வேண்டாம்.

அந்த கெப்பாசிட்டரின் மேல் 105 என்று அச்சிட்டிருந்தது. 1 மைக்ரோ ஃபாரட் என்று பொருள். 50 ஹெர்ட்ஸில் அது சுமார் 75 மில்லி ஆம்பியர் விடும். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் 1 ஆம்பியர்-மணி பேட்டரி நிரம்ப 16 மணி நேரம் போல ஆகும். ஒரு காலின் சாலிடரை எடுத்து அளந்தேன்: 0.3 மைக்ரோ ஃபாரட்தான் மிச்சம். உள்ளே இருக்கும் மெல்லிய உலோகப் பூச்சு சிறு சிறு பொறிகளால் ஆண்டுக்கணக்கில் தேய்ந்துகொண்டே வரும். சார்ஜ் விளக்கு எப்போதும்போல எரியும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. உள்ளே போவதோ 23 மில்லி ஆம்பியர். இரவு 10 மணி நேரம் போட்டால் கால் பங்குகூட நிரம்பாது. இப்படிப் பட்டினி கிடந்துதான் புது பேட்டரி சல்பேட் கட்டிச் செத்திருக்கிறது. இன்னொன்று வாங்கிப் போட்டிருந்தால் அதற்கும் இதே கதிதான்.

1 மைக்ரோ ஃபாரட்டிலேயே, 275 வோல்ட் ஏசி என்று குறித்த எக்ஸ்2 ரக கெப்பாசிட்டரும் புது பேட்டரியும் போட்டேன். சீக்கிரம் சார்ஜ் ஏறட்டும் என்று 2 மைக்ரோ ஃபாரட் போடச் சொல்லும் ஆட்களும் உண்டு. இந்தச் சுற்றில் பேட்டரி நிரம்பியதும் நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு இல்லை, அதனால் கரண்ட் கூடினால் உள்ளே இருக்கும் நீர் வாயுவாகிப் போய் தகடு காய்ந்துவிடும். 75 மில்லி ஆம்பியரிலேயே நாள்கணக்கில் சுவரில் மாட்டி வைத்தாலும் இதுதான் நடக்கும். "மாலையில் போட்டு மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் கழட்டிடுங்க அக்கா" என்று சொல்லிக் கொடுத்தேன். பழைய பேட்டரியை மட்டும் குப்பையில் போடாமல், பழைய கார் பேட்டரி வாங்கும் கடையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.