வலிக்கிற இடத்தை இழுப்பதற்கு முன்

கழுத்து வலி என்று வருகிறவர்களில் பாதிப் பேர், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே ஒன்றைச் செய்து காட்டுவார்கள். ஒரு கையைத் தலைமேல் சுற்றிப் போட்டு, காது தோளைத் தொடுகிற அளவுக்கு இழுப்பார்கள். "இப்படி இழுத்தா நல்லா இருக்கு டாக்டர். ஆனா அரை மணி நேரத்துல திரும்ப வந்துடுது."

அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் 34 வயதுப் பெண் ஒருவர். நாலு மாதமாக வலி. வலது தோள்பட்டை எலும்பின் மேல் மூலையில் கட்டை விரலை வைத்ததும் "அங்கதான், அங்கேயேதான்" என்றார். ஏதோ வீடியோ பார்த்து, தினமும் காலையில் பத்து நிமிடம் கழுத்தை எல்லாப் பக்கமும் இழுத்திருக்கிறார். அலுவலகத்திலும் நினைத்தபோதெல்லாம் இழுப்பு. வலி குறையவில்லை. இழுக்காமல் இருக்க முடியாது என்ற நிலைக்கு வந்திருந்தார்.

முதுகை நிமிர்த்தி உட்காரவைத்து, இடது பக்கம் திரும்பச் சொன்னேன். தாடை பாதி தூரம் போனதும் வலது பக்கம் பிடித்து நிறுத்தியது. பிறகு அவருடைய வலது முன்கைக்கு அடியில் இரண்டு தலையணையை அடுக்கினேன். தோள் ஒரு விரற்கடை மேலே ஏறும் அளவுக்குத்தான். கையின் கனத்தை முழுக்கத் தலையணைமேல் விடச் சொல்லி, மறுபடி திரும்பச் சொன்னேன். தாடை கிட்டத்தட்ட தோளுக்கு நேராகப் போய்விட்டது. "என்ன பண்ணீங்க?" என்றார். கழுத்தை நான் தொடவே இல்லை.

கழுத்தின் மேல் நான்கு எலும்புகளின் பக்கவாட்டிலிருந்து புறப்பட்டு, தோள்பட்டை எலும்பின் மேல் மூலையில் வந்து ஒட்டுகிற ஒரு தசை இருக்கிறது. லெவேட்டர் ஸ்கேப்புலே என்போம். தோள்பட்டையை மேலே தூக்கிப் பிடிப்பது அதன் வேலை. ஒரு முழுக் கையின் எடை, உடல் எடையில் ஏறக்குறைய 5 சதவீதம். 60 கிலோ இருப்பவருக்கு 3 கிலோ. கையைத் தாங்க எதுவுமே இல்லாமல் நாள் முழுக்க மவுஸ் பிடித்தால், அந்த எடையில் பெரும் பங்கு கழுத்திலிருந்துதான் தொங்குகிறது.

கொடிக்கயிறு நிறைய ஈரத் துணி போட்டிருந்தால் கயிறு விறைப்பாகத்தான் இருக்கும். கயிறு குட்டையாகிவிட்டது என்று யாரும் அதைப் பிடித்து இழுக்க மாட்டோம், துணியை எடுப்போம். தசையும் அப்படித்தான். கைக்கு இறுக்கமாகத் தட்டுப்படுவதெல்லாம் சுருங்கிப் போனதல்ல. பளுவில் ஏற்கனவே நீண்டு விறைத்து நிற்கிற தசையும் அதே மாதிரிதான் தட்டுப்படும். அதை இழுத்தால் சற்று நேரம் சுகமாக இருப்பதற்குக் காரணம், அந்த இழுப்பை நரம்புகள் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்வதுதான். பளு அப்படியேதான் இருக்கிறது.

அவருடைய மேசையைப் போனில் படமெடுத்து வரச் சொன்னேன். நாற்காலியின் கைப்பிடிகள் மேசையில் இடிக்கின்றன என்று அவரே கழற்றி வைத்திருக்கிறார். கீபோர்டு எண் பலகையோடு கூடிய நீளமான வகை, அதையும் தாண்டி வலது பக்கம் மவுஸ். அதாவது கை உடம்பை விட்டு ஒரு முழம் விலகி, அந்தரத்தில். கணக்கு வேலைக்கு எண் பலகை இல்லாமல் முடியாது. அதனால் கைப்பிடிகளைத் திரும்ப மாட்டி, இடிக்காத அளவுக்கு இறக்கி, மவுஸை இடது கைக்கு மாற்றினோம். நான்கு நாள் என்னைத் திட்டியிருப்பார். ஐந்தாம் நாள் பழகிவிட்டது. கழுத்தை இழுக்கிற பயிற்சியை முழுக்க நிறுத்தச் சொன்னேன்.

இந்தச் சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். கைகளைத் தொங்கவிட்டு இரண்டு பக்கமும் திரும்பிப் பாருங்கள். பிறகு முழங்கைகளை மேசைமேலோ தலையணைமேலோ வைத்து, தோள் லேசாக உயரும்படி கனத்தை இறக்கிவிட்டுத் திரும்புங்கள். தெளிவாக எளிதானால், உங்களுக்கு முதல் மருந்து கைக்குத் தாங்கல்தான். ஸ்ட்ரெச் அப்புறம்.

இரண்டு தடவையும் ஒரே மாதிரி இருந்தால் கதை வேறு. மேசை உயரமாக இருந்து, தோளைக் காது வரை ஏற்றிக்கொண்டே தட்டுகிறவர்கள் இதில் அதிகம். இவர்களுக்கு அந்தத் தசையை இழுப்பது பலன் தரும், ஆனால் காதைத் தோளுக்குக் கொண்டுபோவது அதற்கான வழியல்ல. வலது பக்கம் இறுக்கம் என்று வைத்துக்கொள்வோம். நிமிர்ந்து உட்கார்ந்து, வலது கையால் நாற்காலியின் உட்காரும் பலகையைப் பக்கவாட்டில் பிடியுங்கள், தோள் மேலே ஏறாது. முகத்தை இடப்பக்கம் பாதி திருப்பி, இடது அக்குளைப் பார்ப்பதுபோல் குனியுங்கள். இடது கையைப் பின்தலையில் சும்மா வையுங்கள். கையின் கனமே போதும், இழுக்க வேண்டாம். 20 முதல் 30 விநாடி, மூச்சைப் பிடிக்காமல், இரண்டு அல்லது மூன்று முறை. பின்கழுத்தின் பக்கவாட்டிலிருந்து தோள்பட்டையின் மேல் மூலை வரை இழுபடுவது தெரிந்தால் சரியான இடம். விரல்வரை ஷாக் அடித்த மாதிரி ஓடினாலோ மரத்தாலோ உடனே விட்டுவிடுங்கள். அது தசையல்ல, நரம்பு. நரம்பை 30 விநாடி இழுத்துப் பிடித்தால் இரவு தூக்கம் போய்விடும்.

இரண்டு வகையினருக்கும் பொதுவான பிரச்சினை ஒன்று உண்டு. வலி கழுத்தில், விறைப்பு அதற்குக் கீழே. கூன் போட்டு உட்கார்ந்தால் மேல்முதுகு வளைந்தே நிற்கிறது. திரையைப் பார்க்கத் தலை முன்னே நீள்கிறது. தலை மட்டுமே 4.5 முதல் 5 கிலோ. மேல்முதுகு நிமிராதவரை கழுத்தை எவ்வளவு சரிசெய்தாலும் தலை பழையபடி முன்னே வந்துவிடும். அதனால் கழுத்துக்காரர்களுக்கு நான் முதலில் கொடுப்பது மேல்முதுகுப் பயிற்சி.

முதுகுச் சாய்வு தோள்பட்டை எலும்பின் கீழ் விளிம்பு வரை வருகிற நாற்காலி வேண்டும். சக்கரம் இருந்தால் சுவரோடு ஒட்டி வையுங்கள். சக்கர நாற்காலியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தவரையும் பார்த்திருக்கிறேன். பிட்டத்தைப் பின்னால் ஒட்டி உட்கார்ந்து, விரல்களைக் கோத்துக் கழுத்துக்குப் பின்னால் வைத்துத் தலையைத் தாங்குங்கள். மூச்சை விட்டபடி, சாய்வின் மேல் விளிம்பு மேல்முதுகில் அழுந்தும்படி பின்னால் சாயுங்கள். மூன்று விநாடி, திரும்ப வாருங்கள். எட்டு முதல் பத்து முறை. வளைவது மேல்முதுகில் தெரிய வேண்டும். இடுப்பில் தெரிந்தால் தப்பு, வயிற்றை லேசாக உள்ளிழுத்துக்கொண்டு மறுபடி செய்யுங்கள். எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமானவர்களும் முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டவர்களும் இதைத் தாங்களாகச் செய்ய வேண்டாம்.

அது முடிந்த கையோடு, தாடையைப் பின்னுக்குத் தள்ளுவது. தாடையில் ஒரு விரலை வைத்து, பார்வை நேராகவே இருக்க, தலையை அலமாரி இழுப்பறையை மூடுவதுபோல் பின்னால் தள்ளுங்கள். பத்தில் எட்டுப் பேர் தலையைக் குனிவார்கள், அது வேறு. சரியாகச் செய்தால் இரட்டைத் தாடை வரும். ஐந்து விநாடி, எட்டு முறை. கேமராவை அணைத்துவிட்டு மீட்டிங்கிலேயே செய்யலாம்.

இடுப்பிலும் இதே தவறு நடக்கிறது. ஒரு மணி நேரம் கூனி உட்கார்ந்து எழுந்ததும், முதுகு பிடித்திருக்கிறது என்று குனிந்து கால் விரலைத் தொடுவார்கள். கூனி உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க இடுப்பின் பின்பக்கத் தசைநார்கள் இழுபட்டபடிதான் இருந்தன. எழுந்த அந்தக் கணமே அவை பழைய நீளத்துக்குத் திரும்புவதில்லை, சில நிமிடம் தளர்ந்தே இருக்கும். அந்த நேரத்தில் மேலும் குனிவதும், தரையிலிருந்து கனமான பையைத் தூக்குவதும்தான் "சடக்"கென்று பிடித்துக்கொள்ள வழி. எழுந்ததும் செய்ய வேண்டியது எதிர்ப்பக்கம். கால்களை இடுப்பகலம் விரித்து நின்று, இரு உள்ளங்கைகளையும் இடுப்பின் பின்புறம் வைத்து, முழங்காலை மடக்காமல், முடிந்த அளவு பின்னால் வளைந்து திரும்புங்கள். ஐந்தாறு முறை போதும்.

இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. வளையும்போது இடுப்பின் நடுவில் கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை. காலில் இருந்த வலி மேலேறி இடுப்புக்குள் ஒதுங்கினாலும் நல்லதே. வலி பிட்டத்திலிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து கெண்டைக்காலுக்கு என்று இறங்கினால் அந்தப் பயிற்சி உங்களுக்கானதல்ல, நிறுத்துங்கள். வயதானவர்களில் நிமிர்ந்தால் கால் மரத்து, குனிந்தால் விடுகிறவர்கள் உண்டு. முதுகுத்தண்டின் குழாய் குறுகியிருக்கலாம். அவர்களுக்குப் பின்னால் வளைவது வேண்டாம்.

நாற்காலியிலேயே மடங்கிக் கிடக்கும் தொடையின் முன்பக்கத்தையும் இழுத்துவிடலாம். ஒரு காலைப் பின்னால் நீட்டி நின்று, வால் எலும்பைக் கால்களுக்கிடையே சுருட்டுவதுபோல் பிட்டத்தை இறுக்கினாலே போதும். முன்னால் பாய்ந்து நிற்கத் தேவையில்லை.

ஸ்ட்ரெச்சுக்கே போகக்கூடாத சில நிலைகள். சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறுவது, நடையில் தள்ளாட்டம், கை அல்லது காலில் பலம் குறைவது, விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலி, காய்ச்சலோடு வரும் முதுகு வலி: இவற்றுக்கு முதலில் மருத்துவர். சிறுநீர் வராமல் நின்றாலோ தெரியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ அன்றைக்கே அவசரப் பிரிவு. கழுத்து, தாடை, இடது கை வலியோடு நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் இருந்தாலும் அப்படியே.

அந்தப் பெண்ணுக்கு நான் கொடுத்தது மேல்முதுகு, தாடை, பின்னால் வளைவது ஆகிய மூன்றுமட்டும். காலையில் பத்து நிமிடம் என்பதை எடுத்துவிட்டு, அரை மணிக்கு ஒருமுறை ஒரு நிமிடம் என்றேன். போனில் அலாரம் வைத்தார், மூன்றாம் நாள் அணைத்துவிட்டார். எல்லாரும் அணைத்துவிடுவார்கள். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்: போன் வந்தால் எழுந்து நின்று பேசுவது, வைத்ததும் இரண்டு முறை பின்னால் வளைவது. மூன்றாவது வாரம் வந்தபோது வலி வாரத்தில் இரண்டு நாள், அதுவும் மாதக் கடைசிக் கணக்கு முடிக்கிற மாலைகளில். உட்கார்ந்ததும் தலைமேல் கை போகவில்லை.