பிணை: கடனுக்குக் கையெழுத்திட்டவரின் பொறுப்பு எதுவரை?

ஒருவர் கடனைத் திருப்பித் தராவிட்டால் நான் தருகிறேன் என்று மூன்றாம் மனிதர் கடன் கொடுத்தவருக்கு வாக்களிப்பதை, 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 126ஆம் பிரிவில் ‘கேரண்டி’ ஒப்பந்தம் என்கிறது. பேச்சில் இதை ஜாமீன் என்போம். அரபு மொழியில் பொறுப்பேற்பவரைக் குறித்த சொல், பாரசீகம், இந்துஸ்தானி வழியாக நம்மிடம் வந்தது. உத்தரவாதம் என்றும் எழுதுகிறார்கள். ஆனால் மிக்சிக்கும் மின்விசிறிக்கும் தருவதும் உத்தரவாதம்தான். பிணை என்பதே பொருத்தம் என்பது என் கருத்து. பிணைத்தல் என்றால் கட்டுதல். தன்னை இன்னொருவர் கடனோடு கட்டிக்கொள்பவர் பிணையாளர்.

அந்தக் கட்டு கடுமையானது. 128ஆம் பிரிவின்படி கடனாளியின் பொறுப்பு எவ்வளவோ, வேறு நிபந்தனை எழுதப்படாதவரை, பிணையாளரின் பொறுப்பும் அவ்வளவே. கடனாளியை முதலில் துரத்திவிட்டு வாருங்கள் என்று அவர் வங்கியிடம் சொல்ல முடியாது.

ஆனால் எந்த ஒப்பந்தத்துக்குப் பிணை நின்றாரோ அதற்கு மட்டுமே அவர் கட்டுப்பட்டவர். அவர் சம்மதமின்றிக் கடனாளியும் கடன் கொடுத்தவரும் அதை மாற்றினால், மாற்றத்துக்குப் பிந்தைய நடவடிக்கைகளைப் பொறுத்தவரை அவர் விடுபடுகிறார் என்கிறது 133ஆம் பிரிவு. ‘பிந்தைய’ என்பதைக் கவனிக்க வேண்டும். முன்பு ஏற்பட்ட பொறுப்பு அப்படியே நிற்கும்.

உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில் இது தெளிவாகத் தெரிகிறது. குஜராத்தில் ஒரு கூட்டுறவு வங்கி, ஒருவருக்கு 4 லட்சம் ரூபாய் வரம்புள்ள ரொக்கக் கடன் வசதி அளித்தது. பிணையாளர்கள் கையெழுத்திட்டது அந்த வரம்புக்குத்தான். பிறகு அவர்களைக் கேட்காமலே வரம்பை மீறிப் பணம் எடுக்க வங்கி விட்டது. மொத்தத்தையும் பிணையாளர்களிடம் கேட்டது. நீதிமன்றம் மறுத்தது. கூடுதல் தொகைக்கு அவர்கள் பொறுப்பில்லை. அதே நேரம், 4 லட்சத்துக்கான பொறுப்பிலிருந்து அவர்கள் தப்பவும் முடியவில்லை.

பணம் கட்ட நேர்ந்தாலும் பிணையாளர் வெறுங்கையோடு நிற்பதில்லை. கட்டியதைக் கடனாளியிடம் திரும்பப் பெறலாம். கடன் கொடுத்தவருக்கு இருந்த உரிமைகள் அனைத்தும் அவருக்கு வரும். பிணை நின்றபோது வங்கி வைத்திருந்த ஈடுகளும், அவை இருப்பதே அவருக்குத் தெரியாதிருந்தாலும், அதில் அடங்கும். சட்டமே தரும் உதாரணம்: 2,000 ரூபாய்க் கடனுக்குப் பிணையோடு, கடனாளியின் தட்டுமுட்டுச் சாமான்களும் ஈடாக உள்ளன. கடன் கொடுத்தவர் அந்த ஈட்டை ரத்து செய்கிறார். பின்னர் கடனாளி நொடித்துப்போகிறார். சாமான்களின் மதிப்பளவுக்குப் பிணையாளரின் பொறுப்பு குறைந்துவிடும்.

இன்று வங்கிப் படிவங்களில் ஒரு வரி நுழைந்திருக்கிறது: கடன் நிபந்தனைகளில் எந்த மாற்றத்துக்கும் பிணையாளர் முன்கூட்டியே சம்மதிக்கிறார் என்பது அது. 133ஆம் பிரிவு காப்பது சம்மதமில்லாத மாற்றத்திலிருந்து மட்டுமே. அந்த வரியின் கீழ் கையெழுத்து விழுந்துவிட்டால், தன்னைக் கேட்கவில்லை என்று பிணையாளர் வாதிடுவது மிகக் கடினம். ஆகவே பிணைப் பத்திரத்தில் தொகைக்கு அடுத்தபடி தேடிப் படிக்க வேண்டியது அந்த வரியைத்தான்.