மண்ணடுக்கு: ‘ஹொரைசன்’ என்ற சொல்லுக்குத் தமிழ்

ஹொரைசன் என்றதும் நமக்கு அடிவானம்தான் நினைவுக்கு வரும். மண்ணியலிலும் இதே சொல் உண்டு. குழி வெட்டிப் பார்க்கும்போது நிறத்திலும் பதத்திலும் ஒன்றுக்கொன்று மாறி, நிலமட்டத்துக்கு ஏறத்தாழ இணையாகக் கிடக்கிற பட்டைகளில் ஒவ்வொன்றும் ஒரு ஹொரைசன். ‘மண் அடிவானம்’ என்று எழுதினால் படிப்பவர் குழம்பிப்போவார்.

எல்லை வகுப்பதைக் குறிக்கும் ‘ஹொரிசெயின்’ என்ற கிரேக்க வினையிலிருந்து வந்தது இந்தச் சொல். வானையும் தரையையும் பிரிக்கும் வட்டத்துக்கு முதலில் பெயரானது, பிறகு பாறைப் படிவுகளில் ஒரு குறிப்பிட்ட மட்டத்தைச் சொல்லப் புவியியலாளர்களுக்கு உதவியது, அப்புறம் மண்ணுக்கு வந்தது. பட்டைகளை மேலிருந்து கீழாக ஏ, பி, சி என்று எழுத்திட்டு அழைக்கும் வழக்கம் ரஷ்யரான வசீலி டொகுசாயெவிடமிருந்து தொடங்குகிறது. ‘செர்னொசெம்’ எனப்படும் ரஷ்யக் கருமண்ணைப் பற்றி 1883இல் அவர் வெளியிட்ட ஆய்வில்தான், மண் என்பது வெறும் பாறைத்தூள் அல்ல, தாய்ப்பாறை, காலநிலை, உயிரினம், நிலத்தின் ஏற்ற இறக்கம், வயது எல்லாம் சேர்ந்து உண்டாக்குவது என்ற கருத்து உருப்பெற்றது.

தமிழில் பாடநூல்கள் ‘மண் அடுக்கு’ என்கின்றன. நல்ல சொல்தான், ஒரு சிக்கல் மட்டும் உண்டு. அடுக்கு என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக யாரோ வைத்தது என்ற எண்ணம் வந்துவிடும். ஆற்று வெள்ளம் மணலைப் போட்டு, அதன்மேல் களிமண்ணைப் போட்டால் அது அப்படி வைத்ததுதான். அதைப் ‘படிவு’ என்போம். ஹொரைசன் வேறு. ஒரே பாறையோ படிவோ இருந்த இடத்திலேயே சிதைந்து மாறி, மேலிருந்து இறங்கும் நீரும் வேரும் அதைப் பாகம் பிரித்ததால் உண்டானது. ஆகவே ஹொரைசனுக்கு ‘மண்ணடுக்கு’ என்பதையே ஒரு சொல்லாகச் சேர்த்து எழுதி, வெள்ளமும் காற்றும் போட்டதற்குப் ‘படிவு’ என்பதை ஒதுக்கிவிடலாம் என்பது என் கருத்து.

இரண்டையும் குழியிலேயே பிரித்தறியலாம். தமிழ்நாட்டில் பரவலாக உள்ள, வரிவரியான நைஸ் பாறையில் வெள்ளைக் குவார்ட்ஸ் நரம்புகள் ஓடும். அந்த நரம்பு கீழே பாறையிலும், அதற்கு மேல் கையால் உதிர்க்கக்கூடிய சிதைவிலும், அதற்கும் மேலே செம்மண்ணிலும் துண்டு துண்டாக ஒரே வரிசையில் தொடர்ந்தால், மண் அங்கேயே பிறந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். நடுவில் உருண்டைக் கூழாங்கற்கள் வரிசையாகக் கிடந்தால், அதற்கு மேலுள்ளது எங்கிருந்தோ வந்து சேர்ந்தது.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மேட்டு நிலத்தைப் பார்ப்போம். மேட்டில் செம்மண், கொஞ்ச தூரம் இறங்கினால் கரிசல். கரிசல் என்றாலே எரிமலைப் பாறையிலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தக்காணப் பீடபூமியின் பசால்ட் பகுதிக்கு அது பொருந்தும்; இங்கே பல இடங்களில் இரண்டுக்கும் அடியில் இருப்பது நைஸ்தான். ஆண்டு மழையும் ஒன்றே, ஏறக்குறைய 600 முதல் 700 மி.மீ. மாறுவது நீர் போகும் வழி.

மேட்டில் மழைநீர் மண்ணுக்குள் இறங்கி வடிந்துவிடுகிறது. பாறையின் பெல்ட்ஸ்பார் போன்ற கனிமங்கள் சிதையும்போது வெளியாகும் கால்சியம், மக்னீசியம், சோடியம், சிலிக்காவில் ஒரு பகுதி எல்லாவற்றையும் அந்த நீர் கரைத்துக்கொண்டு போகிறது. எஞ்சுவது கயோலின் களிமண்ணும், துருவாகிய இரும்பும். அந்தத் துருதான் செம்மைக்குக் காரணம். அங்கே குழி வெட்டினால் மேலே ஏ மண்ணடுக்கு சற்று வெளிறி, மணல் கலந்து இருக்கும். கீழே பி மண்ணடுக்கு அடர்சிவப்பாக, களி கூடி இருக்கும். மேலிருந்து நுண்களி நீரோடு இறங்கி அங்கே தங்கியதால் வந்த வேறுபாடு இது. பி மண்கட்டியை உடைத்து லென்ஸில் பார்த்தால் முகத்தில் மினுமினுப்பான மெல்லிய களிப்பூச்சு தெரியும். அதற்கும் கீழே சி, அதாவது பாறையின் வரிகள் இன்னும் அழியாத சிதைவு.

மேட்டில் கரைந்தவை எல்லாம் போய்ச் சேருமிடம் பள்ளம். அங்கே வடிகால் குறைவு, வெயிலோ கடுமை. கால்சியமும் சிலிக்காவும் தங்கிவிடுவதால், நீர் பட்டால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் ஸ்மெக்டைட் களிமண் உருவாகிறது. மிச்சக் கால்சியம் சுண்ணாம்பாகி, மழைநீர் எட்டும் ஆழத்தில் சுக்கான் கற்களாகக் கட்டிப்படுகிறது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டு விட்டால் நுரைக்கும். கரிசலின் கருமை மட்கு மிகுதியால் வந்தது என்று எண்ண வேண்டாம். இருக்கும் கொஞ்ச மட்கு இந்தக் களியோடு இறுகப் பிணைந்திருப்பதே அந்த நிறத்துக்கு முக்கியக் காரணம். டொகுசாயெவின் கருமண்ணுக்கும் நம் கரிசலுக்கும் நிறம்தான் ஒன்று, கதை வேறு.

கரிசல் குழியில் ஏ எங்கே முடிகிறது, பி எங்கே தொடங்குகிறது என்று கோடு போடப் போனால் கை நின்றுவிடும். கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும்போது மேல்மண் வெடிப்புக்குள் உதிர்கிறது. மழையில் உப்பும்போது கீழ்மண் பக்கவாட்டில் நெருக்குண்டு மேலே தள்ளப்படுகிறது. அந்த உராய்வில் வழவழப்பான, கீறல் விழுந்த முகங்கள் மண்ணுக்குள் உண்டாகும். அவற்றைக் கண்டால், மண் இப்படிப் புரள்கிறது என்பதில் ஐயமே வேண்டாம். இப்படித் தன்னையே கிளறிக்கொள்வதால்தான் இவ்வகை மண்ணுக்கு, திருப்புதல் என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து ‘வெர்டிசால்’ என்று பெயர் வைத்தார்கள்.

மழை கூடினால் என்ன ஆகும் என்பதற்கு நீலகிரி போதும். அங்கே தாய்ப்பாறை சார்னோக்கைட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைக்கு வைத்த கல் இதே வகை என்பதால் வந்த பெயர் இது. அந்தக் கல் பல்லாவரம் பக்கத்திலிருந்து போனது என்பார்கள். மேற்குச் சரிவில் ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் பெய்வதால் சுண்ணாம்பு தங்க வாய்ப்பே இல்லை. சிலிக்காவும் பெரும்பாலும் போய், இரும்பும் அலுமினியமும் எஞ்சிய ஆழமான பி மண்ணடுக்கு கிடைக்கிறது. சில முகடுகளில் அது அலுமினியத் தாதுவான பாக்சைட் ஆகும் அளவுக்குப் போயிருக்கிறது. ஆனால் உச்சிப் புல்வெளியிலும் சோலையிலும் குளிரில் மட்கு மெதுவாகவே அழிவதால், அந்தச் சிவப்பின்மேல் கறுத்த, தடித்த ஏ மண்ணடுக்கு இருக்கும்.

தாவரத்தின் பங்கைத் தனியே பார்க்க மீண்டும் ரஷ்யாவுக்குத்தான் போக வேண்டும். தென்புல்வெளியில் ஆண்டுதோறும் மடியும் புல்வேர்கள் மண்ணுக்குள்ளேயே மட்கி, சில இடங்களில் ஒரு மீட்டர் வரை கறுத்த ஏ மண்ணடுக்கைத் தருகின்றன. வடக்கே ஊசியிலைக் காட்டில் சருகு தரைமேல் விழுந்து கிடக்கிறது. அதிலிருந்து இறங்கும் அமிலம் இரும்பையும் அலுமினியத்தையும் கழுவி எடுத்துப்போக, சருகுக்குச் சற்றுக் கீழே சாம்பல் நிறப் பட்டை ஒன்று மிஞ்சும்; போன இரும்பு அதன்கீழே துருநிறத்தில் தங்கும். ‘பொட்சோல்’ என்ற பெயரில் ‘சோலா’ என்பது சாம்பலைக் குறிக்கும் ரஷ்யச் சொல். அந்தச் சாம்பல் பட்டைக்கு இப்போது ஈ மண்ணடுக்கு என்று பெயர்.

காவிரி டெல்டாவில் குழி வெட்டினால் மணல், வண்டல், களி என்று கத்தியால் அறுத்தாற்போன்ற எல்லைகளோடு பட்டைகள் தெரியும். பார்க்க அடுக்குப்போலவே இருந்தாலும் அவை பெரும்பாலும் வெள்ளம் போட்ட படிவுகள். மேலே ஏர் உழுத ஆழம் வரை ஒரு ஏ மண்ணடுக்கு உண்டு. அதற்குக் கீழே களி இறங்கித் தங்கிய பி மண்ணடுக்கு உருவாக இளம் வண்டலுக்கு இன்னும் காலம் போதவில்லை.