"எல்லாம் பழையபடிதான்" என்று சொன்னாலும் ஒரு வாரம் கேளுங்கள்

கீழக்கரையில் நான் எடுத்திருந்த, வீடு கட்டும் வேலை ஒன்று, பில்லர் எழும்பியதோடு அக்டோபரில் நின்றுபோனது. துபாயில் இருக்கும் வீட்டுக்காரருக்கு அப்போது பணம் புரளவில்லை. ஜூனில் போன் வந்தது. "தம்பி, நாளைக்கே ஆரம்பிச்சிருங்க, எல்லாம் பழையபடிதான்."

"ஒரு வாரம் கொடுங்க காக்கா" என்றேன்.

முதலில் இடத்தைப் போய்ப் பார்த்தேன். பில்லருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் எட்டு மாதம் உப்புக்காற்றில் நின்றவை. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் தூளாக உதிரும் துரு பெரிய கேடில்லை. செதிலாகப் பெயர்ந்து அடியில் குழி தெரிந்தால்தான் கவலை. கடல் பக்கத்து இரண்டு பில்லர்களில் அப்படித்தான் இருந்தது. தேய்த்த பிறகு அளந்தால் 16 மி.மீ. கம்பி 15-க்கு வந்திருந்தது. ஒரு மில்லிமீட்டர்தானே என்று விடக்கூடாது, கம்பியின் குறுக்குப் பரப்பில் எட்டில் ஒரு பங்கு போய்விட்டது. வடிவமைப்பு இன்ஜினியரிடம் காட்டியதில், மேல்பகுதியை உடைத்து நல்ல கம்பியோடு புதுக்கம்பி சேர்த்துக் கட்டச் சொன்னார். நிறுத்திய அன்றே கம்பிகளுக்கு சிமென்ட் பால் பூசியிருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்காது. அது என் தவறு, வீட்டுக்காரரிடமும் சொன்னேன். எட்டு மாதமாக மிச்சமிருந்த சிமென்ட் மூட்டைகளை கான்கிரீட்டுக்கு எடுக்கவில்லை.

அப்புறம் வரைபடத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் அறை அறையாகக் கேட்டேன். அப்போதுதான், மகள் கல்யாணத்துக்கு மாடியில் ஓர் அறை வேண்டும் என்றார். அஸ்திவாரம் மேலே ஒரு மாடியைத் தாங்கும்படியே போட்டிருந்தது. ஆனால் மாடிப்படிக்கு கூரையில் எங்கே இடைவெளி விடுவது என்பதை இப்போதே முடிவு செய்தாக வேண்டும். கான்கிரீட் போட்டு ஒட்டிய கூரையைப் பிறகு உடைப்பது சரிவராது.

ஆட்களும் பழைய ஆட்கள் இல்லை. கம்பி கட்டுபவர் கேரளாவுக்குப் போய்விட்டார், கொத்தனார் மட்டும் வருகிறேன் என்றார். புதுக் கம்பிக்காரரைத் தேட ஒரு வாரம்.

தேதிக் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள், பழைய அட்டவணையை அப்படியே எட்டு மாதம் தள்ளிவிடுகிறார்கள். கூரை ஒட்ட இன்னும் 14 வார வேலை இருந்தது. ஜூன் நடுவில் தொடங்கினால் செப்டம்பர் மூன்றாம் வாரம். பில்லர் வேலைக்கு இரண்டு வாரம், ஆள் தேட ஒரு வாரம் சேர்த்தால் அக்டோபர் நடு. இங்கே வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம் அது. ஆகவே இரண்டு வழி சொன்னேன்: சுவர் வேலைக்கு இன்னொரு குழு போட்டு செப்டம்பருக்குள் ஒட்டுவது, இல்லையென்றால் மழை முடிந்து ஜனவரியில் ஒட்டுவது. முதல் வழிக்குக் கூலி கூடும்.

மீதி வேலை, மாடிப்படி, யார் யார் வருகிறார்கள், புது விலை, இரண்டு தேதிகள் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி அனுப்பினேன். "சரி" என்று மட்டும் பதில் வந்தது. எந்தத் தேதி, மாடிப்படி எந்தப் பக்கம் என்று எழுதி அனுப்பச் சொல்லிக் காத்திருந்தேன். மூன்றாம் நாள் எழுதினார்: "செப்டம்பர். படி மேற்குப் பக்கம்." அதற்குப் பிறகே மணல் லாரிக்குச் சொன்னேன்.