1.4 என்று காட்டிய தண்ணீர்

மதிய உணவுக்குப் பிறகு எடுத்த மூன்றாவது மாதிரி அது. ஓர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். மீட்டர் 92.4 மில்லிவோல்ட் என்று நின்றது. காலையில் போட்ட அளவுக்கோட்டில் வைத்துப் பார்த்தால் லிட்டருக்கு 1.41 மில்லிகிராம் ஃபுளூரைடு. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டு அளவு 1.5. “உள்ளேதான் இருக்கு சார், எழுதிடலாமா?” என்று உடன் வேலை செய்யும் பையன் கேட்டான்.

எழுதியிருந்தால் ஒரு குடும்பம் தினமும் 2.1 மில்லிகிராம் உள்ள தண்ணீரை நல்ல தண்ணீர் என்று நம்பிக் குடித்திருக்கும். எல்லைக்குப் பக்கத்தில் வரும் எந்த மாதிரிக்கும் ஸ்டாண்டர்டு அடிஷன் போடாமல், அதாவது தெரிந்த அளவு ஃபுளூரைடை அதிலேயே சேர்த்து மறுபடி அளந்து பார்க்காமல், அறிக்கை எழுதக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அன்று காப்பாற்றியது அந்த வழக்கம்தான்.

மீட்டர் எதைப் பார்க்கிறது என்பதிலிருந்து வருகிறேன். ஃபுளூரைடு எலக்ட்ரோடின் முனையில் லாந்தனம் ஃபுளூரைடு படிகம் ஒன்று இருக்கும். அதன் வழியே நகரக்கூடியது ஃபுளூரைடு அயனி மட்டும். தண்ணீரில் ஃபுளூரைடு பத்து மடங்கு கூடினால் மின்னழுத்தம் ஏறக்குறைய 58, 59 மில்லிவோல்ட் இறங்கும். இந்த இறக்கத்தைத்தான் சரிவு என்கிறோம். 25 டிகிரி செல்சியஸில் கோட்பாட்டின்படி அது 59.2. ஃபுளூரைடு கூடினால் எண் குறையும் என்பதை மறந்து குழம்பாத புதியவரை நான் பார்த்ததில்லை.

இந்த எலக்ட்ரோடு தனியாக எதையும் சொல்லாது. பக்கத்தில் ஒப்பீட்டு எலக்ட்ரோடு ஒன்று வேண்டும். மீட்டரில் தெரிவது இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு. ஆக, ஒப்பீட்டு எலக்ட்ரோடு நகர்ந்தாலும் எண் நகரும். தண்ணீரில் எதுவும் மாறியிருக்காது, ஆனால் நமக்கு ஃபுளூரைடு மாறியதுபோலத் தெரியும்.

மாதிரியை அப்படியே அளக்க மாட்டோம். 50 மி.லி. தண்ணீருடன் 50 மி.லி. டிசாப் கரைசல் சேர்ப்போம். அதில் உள்ள அசிட்டேட் பி.எச். அளவை 5 முதல் 5.5 வரை பிடித்து வைக்கிறது. உப்பு, எல்லா மாதிரிகளின் அயனிச் செறிவையும் ஏறக்குறைய ஒன்றாக்குகிறது. சி.டி.டி.ஏ. போன்ற பிணைப்பான், அலுமினியமும் இரும்பும் பிடித்து வைத்திருக்கும் ஃபுளூரைடை விடுவிக்கிறது. ஃபுளூரைடு அளவு முன்பே தெரிந்த ஸ்டாண்டர்டு கரைசல்களுக்கும் இதே கலவைதான், ஒன்றுக்கு ஒன்று. பீக்கர் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், மாதிரி வரும் பாட்டிலும் அப்படியே.

அன்று காலை 0.2 மில்லிகிராம் ஸ்டாண்டர்டு 141.6 காட்டியது, 2 மில்லிகிராம் ஸ்டாண்டர்டு 83.6. பத்து மடங்குக்கு 58.0 மில்லிவோல்ட் வேறுபாடு. நல்ல சரிவு, எலக்ட்ரோடு நலம் என்று எல்லோரும் திருப்தியாக வேலையைத் தொடங்கினோம்.

சரி, அந்த மூன்றாவது மாதிரிக்கு வருவோம். பீக்கரில் 100 மி.லி. கலவை, காட்டுவது 92.4. எலக்ட்ரோடுகளை வெளியே எடுக்காமல், கலக்கியை நிறுத்தாமல், லிட்டருக்கு 100 மில்லிகிராம் உள்ள ஃபுளூரைடு ஸ்டாண்டர்டில் 1 மி.லி. பிப்பெட்டால் சேர்த்தோம். அதாவது 100 மைக்ரோகிராம் ஃபுளூரைடு. மீட்டர் இறங்கி 75.8இல் நின்றது. இறக்கம் 16.6 மில்லிவோல்ட்.

கணக்கு இதுதான். Cx நாம் தேடும் அளவு, Vx கலவையின் கன அளவு, Cs, Vs சேர்த்த ஸ்டாண்டர்டின் செறிவும் கன அளவும், ΔE மின்னழுத்த மாற்றம், S சரிவு:

```
Cx = Cs × Vs / [ (Vx + Vs) × 10^(ΔE/S) − Vx ]

ΔE/S = (−16.6) / (−58.0) = 0.2862
10^0.2862 = 1.933
Cx = 100 × 1 / (101 × 1.933 − 100) = 1.05 mg/L
```

இது டிசாப் சேர்ந்த கலவையில் உள்ள அளவு. தண்ணீர் அதில் பாதிதான் என்பதால் இரண்டால் பெருக்க வேண்டும். லிட்டருக்கு 2.1 மில்லிகிராம். (இந்த இரண்டால் பெருக்குவதை மறந்தும் அறிக்கைகள் போயிருக்கின்றன, எங்களிடமிருந்தும்தான்.)

ஒரே பீக்கர், ஒரே எலக்ட்ரோடு. ஒரு வழியில் 1.4, இன்னொரு வழியில் 2.1. எதை நம்புவது?

அதே கலவையில் இன்னொரு 1 மி.லி. சேர்த்தோம். மாதிரியில் உண்மையாகவே 2.1 இருந்தால் மீட்டர் 66.0க்கு வர வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுத் தாளில் எழுதி வைத்தேன். வந்தது 66.0. இரண்டாவது சேர்ப்பு வீண் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதுதான் முக்கியம். சூத்திரத்தில் போட்ட 58.0 என்ற சரிவு இந்தத் தண்ணீரிலும் அப்படியே இருக்கிறதா என்று அது சொல்லிவிடும். ஒருமுறை மட்டும் சேர்த்தால் சரிவை நம்பித்தான் ஆக வேண்டும்.

அப்புறம் காலையில் வைத்த 2 மில்லிகிராம் ஸ்டாண்டர்டையே மறுபடி அளந்தோம். காலையில் 83.6 காட்டியது இப்போது 93.6 காட்டியது. சரியாக 10 மில்லிவோல்ட் ஏறியிருக்கிறது. 58 சரிவில் 10 மில்லிவோல்ட் என்றால் ஏறக்குறைய 1.5 மடங்கு. 2.1ஐ 1.5ஆல் வகுத்துப் பாருங்கள், அந்த 1.4 எங்கிருந்து வந்தது என்று புரியும்.

ஒப்பீட்டு எலக்ட்ரோடைக் கழற்றிப் பார்த்தால், நிரப்பும் துளையின் ரப்பர் மூடி மூடியே இருந்தது. மதியம் யாரோ மூடிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார்கள், திறக்கவில்லை. அந்தத் துளை திறந்திருந்தால்தான் உள்ளே இருக்கும் கரைசல், சந்தி எனப்படும் நுண்ணிய வழியாக மாதிரிக்குள் மெல்லக் கசியும். கசிவு நின்றால் மின்னழுத்தம் நகரத் தொடங்கும். சரிவு கெடாது, கோடு முழுதாக மேலே ஏறிவிடும். அதனால் சரிவை மட்டும் சோதித்துவிட்டு எலக்ட்ரோடு நலம் என்று முடிவு செய்பவருக்கு இது பிடிபடாது. ஸ்டாண்டர்டு அடிஷனில் இரண்டு எண்களும் சில நிமிட இடைவெளியில் வருகின்றன, எடுப்பது வேறுபாட்டை மட்டும். கோடு எவ்வளவு ஏறியிருந்தாலும் கழித்தலில் அது போய்விடுகிறது. அன்று மதியம் அளந்த முதல் இரண்டு மாதிரிகளையும் திரும்ப எடுத்தோம் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த முறை தவறுவது பெரும்பாலும் சேர்க்கும் அளவில்தான். மாதிரி கெட்டுவிடுமோ என்று பயந்து சிலர் துளியூண்டு சேர்ப்பார்கள். இதே தண்ணீரில் 1 மி.லி.க்குப் பதில் 0.1 மி.லி. சேர்த்திருந்தால் இறக்கம் 2.3 மில்லிவோல்ட் மட்டுமே. எண் முழுதாக நிலைக்கும் முன் அவசரப்பட்டுப் படித்து அரை மில்லிவோல்ட் தவறினால் விடை 2.1க்குப் பதில் 2.7 ஆகிவிடும். அதே அரை மில்லிவோல்ட் தவறு 16.6 இறக்கத்தில் நேர்ந்தால் விடை 2.2 மட்டுமே ஆகும். ஆகவே கலவையில் ஏற்கெனவே இருக்கும் ஃபுளூரைடு ஏறக்குறைய இரட்டிப்பாகும் அளவுக்குச் சேருங்கள். செறிவான ஸ்டாண்டர்டாக எடுத்தால் கன அளவு அதிகம் மாறாது. எவ்வளவு இருக்கிறது என்று முன்பே தெரியாதே என்றால், நேரடி அளவீட்டில் வந்த அந்தத் தோராயமான எண் இதற்குப் போதும்.

எண் நிலைக்கக் காத்திருப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஃபுளூரைடு அதிகமுள்ள நிலத்தடி நீர் பெரும்பாலும் பைகார்பனேட் மிகுந்ததாகவும் கால்சியம் குறைந்ததாகவும் இருக்கும். கால்சியம் நிறைய இருந்தால் கால்சியம் ஃபுளூரைடாகப் படிந்து ஃபுளூரைடைக் கரைசலிலிருந்து இறக்கிவிடும் என்பதே காரணம். அப்படிப்பட்ட தண்ணீரில் அமிலத்தன்மை உள்ள டிசாப் ஊற்றினால் கரியமில வாயு குமிழியிடும். குமிழிகள் படிகத்தின் அடியில் போய் ஒட்டிக்கொண்டால் எண் அங்கும் இங்கும் துள்ளும். எலக்ட்ரோடு கெட்டுவிட்டது என்று நினைத்துத் தேய்த்துத் துடைப்பவர்கள் உண்டு. தேவையில்லை. கலந்த பிறகு பத்து நிமிடம் கலக்கி விட்டு, குமிழி அடங்கியதும் எலக்ட்ரோடைச் சற்றே சாய்த்து இறக்கினால் போதும். கலக்கியின் சூடு பீக்கரில் ஏறாமல் நடுவில் தெர்மாகோல் துண்டு ஒன்றும் வையுங்கள்.

இவ்வளவு சொன்னதும், இனி எல்லாவற்றுக்கும் ஸ்டாண்டர்டு அடிஷன் போட்டால் சரியாகிவிடும் என்று தோன்றலாம். நைட்ரேட்டில் அந்த நம்பிக்கை கவிழ்க்கும்.

நைட்ரேட் எலக்ட்ரோடில் இருப்பது படிகம் இல்லை, பிளாஸ்டிக் சவ்வு. அது நைட்ரேட்டை விரும்பும், ஆனால் குளோரைடையும் கொஞ்சம் ஏற்றுக்கொள்ளும். பல எலக்ட்ரோடுகளில் 200 குளோரைடு அயனிகள் சேர்ந்து ஒரு நைட்ரேட் அயனியைப்போல நடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் எலக்ட்ரோடுக்கான எண் அதன் கையேட்டில் இருக்கும். கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால் உப்புக் கரிக்கும் கிணற்றில் லிட்டருக்கு 1000 மில்லிகிராம் குளோரைடு இருந்தால், அது ஏறக்குறைய 9 மில்லிகிராம் நைட்ரேட்டாகத் தெரியும். உண்மையில் 42 இருக்கும் தண்ணீர் 51 என்று காட்டும். வழிகாட்டு அளவு 50.

இதில் ஸ்டாண்டர்டு அடிஷன் போட்டாலும் 51தான் வரும். இரண்டாவது சேர்ப்பும் அதையே சொல்லும். ஏனென்றால் இங்கே கோடு நகரவில்லை. போலி நைட்ரேட் நிஜ நைட்ரேட்டோடு கூட்டலாகச் சேர்ந்து நிற்கிறது. சவ்வுக்கு இரண்டும் ஒன்று, கழித்தலில் அது போகாது. மூன்று எண்களும் அழகாக ஒத்துப்போவதால் சந்தேகமும் வராது.

அதனால் நைட்ரேட்டுக்கு வரும் மாதிரியில் நாங்கள் முதலில் குளோரைடைத் தரம்பார்த்துவிடுகிறோம். அதிகம் என்றால், அந்தக் குளோரைடுக்கு ஈடான சில்வர் சல்பேட் சேர்த்து வெள்ளிக் குளோரைடாகப் படிய வைத்த பிறகே எலக்ட்ரோடு உள்ளே போகும். அந்த வேளையில் ஒப்பீட்டு எலக்ட்ரோடின் வெளி அறையில் பொட்டாசியம் குளோரைடு இருக்கக் கூடாது. கசியும் குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து சந்தியிலேயே படிந்து அடைத்துவிடும், மறுபடி அந்த 10 மில்லிவோல்ட் கதைதான். அம்மோனியம் சல்பேட் நிரப்பிய இரட்டைச் சந்தி எலக்ட்ரோடு அதற்கென்றே தனியாக வைத்திருக்கிறோம். அதன் ரப்பர் மூடியைப் பையன் கழற்றி எங்கேயோ போட்டுவிட்டான். தேடச் சொல்லவில்லை.