நூறு வெள்ளி கூடியது, கையில் ஏன் குறைந்தது?

2024 ஜனவரிச் சம்பளம் வந்த வாரம் ஓர் அக்கா என்னைப் பார்க்க வந்தார். மலேசியாவின் பிறை நகரில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவு, குடியிருப்பது பட்டர்வொர்த்தில். நான் பகலில் ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்கு பார்ப்பவன். மாலையில் தெரிந்தவர்களுக்கு வருமான வரி பாரம் நிரப்பிக் கொடுப்பேன். அவர் வந்தது வரிக்காக அல்ல. “அண்ணே, சம்பளம் நூறு வெள்ளி ஏறியிருக்கு. ஆனா மாசக் கடைசியில மளிகைக் கடையில கடன் சொல்றேன். நான்தான் கணக்கு தெரியாம செலவு பண்றேனா?”

நல்லவேளையாக அவர் ஒரு நோட்டில் செலவு எழுதுகிறவர். 2021 டிசம்பர்ப் பக்கமும் 2024 ஜனவரிப் பக்கமும் இருந்தன. இடையில் இரண்டு வருடம் சம்பளம் ஏறவே இல்லை: 2,200 ரிங்கிட். இப்போது 2,300. மேலாளர் இவரிடம் சொன்ன கணக்கு இது: “உங்களுக்கு நாலரை விழுக்காடு ஏற்றியிருக்கிறோம். போன வருஷ விலையேற்றம் இரண்டரைதான்.”

அவர் சொன்ன இரண்டு எண்ணும் சரியானவைதான். ஒன்றுக்கு எதிரே மற்றதை வைத்ததுதான் தப்பு. சம்பள உயர்வு இரண்டு வருடத்துக்குச் சேர்த்து வந்தது. விலையேற்றத்தில் அவர் ஒரு வருடத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். புள்ளிவிவரத் துறையின் பயனீட்டாளர் விலைக் குறியீட்டின்படி 2022-இல் 3.3 விழுக்காடு, 2023-இல் 2.5 விழுக்காடு. ஏறிய விலையின் மேல்தான் அடுத்த வருடமும் விலை ஏறுகிறது, அதனால் இரண்டையும் பெருக்க வேண்டும்: 1.033 × 1.025, அதாவது ஏறக்குறைய 5.9 விழுக்காடு. பழைய 2,200 வெள்ளி வாங்கிய பொருளையே வாங்க இப்போது 2,329 வேண்டும். இவருக்குக் கிடைத்தது 2,300. சம்பளச் சிலிப்பில் இருக்கும் இந்த 2,300 பெயரளவுச் சம்பளம். அதை 1.059-ஆல் வகுத்தால் 2,172 வரும்; பழைய விலையில் அதன் மதிப்பு அவ்வளவுதான். அதுதான் மெய்ச் சம்பளம். ஆக, ‘உயர்வு’க்குப் பிறகும் 28 வெள்ளி இறக்கம்.

ஆனால் 28 வெள்ளிக்காக யாரும் மளிகைக் கடையில் கடன் சொல்ல மாட்டார்கள். மேலும் தோண்டினோம்.

முதலில் சிலிப். இபிஎஃப்-க்கு ஊழியர் கட்டும் பங்கு 2021-இல் 9 விழுக்காடாகக் குறைக்கப்பட்டிருந்தது. 2022 ஜூலையில் மறுபடி 11 ஆனது. சம்பளத்தில் பிடிக்கும் எங்களுக்கு அது நன்றாக நினைவிருக்கிறது, அந்த மாதம் வந்த தொலைபேசி அழைப்புகள் அப்படி. 2021-இல் அக்காவுக்குப் பிடித்தது 198 வெள்ளி, இப்போது 253. சொக்சோ, இஐஎஸ் இரண்டும் சேர்த்துக் கழித்தால் கைக்கு வந்தது அப்போது 1,987, இப்போது 2,031. நூறு வெள்ளி உயர்வில் வீட்டுக்கு வந்தது 44. மீதி தொலைந்துவிடவில்லை, ஏறக்குறைய முழுவதும் அவர் பெயரில் இபிஎஃப் சேமிப்பில்தான் இருக்கிறது. அதனால் அதை நஷ்டத்தில் சேர்க்கக் கூடாது. ஆனால் அதைக் கொண்டு இந்த மாதம் அரிசி வாங்க முடியாது, அவ்வளவுதான்.

அப்புறம் நோட்டு. 2021 டிசம்பரில் மொத்தச் செலவு 1,850. வாடகை 600, சாப்பாடு 750, மின்சாரம், தண்ணீர், கேஸ் 110, மோட்டாருக்கு 120, பிள்ளையின் பள்ளி வேன், டியூஷன் 180, போன் 90. 137 வெள்ளி மிச்சம். 2024 ஜனவரியில் மொத்தம் 2,075. 44 வெள்ளி துண்டு.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்தினேன். 2,075-இல் 50 வெள்ளி புதிதாகச் சேர்த்த ஒரு பாடத்தின் டியூஷன். அது விலையேற்றம் இல்லை, பிள்ளை வளர்ந்ததால் வந்த செலவு. மெய்ச் சம்பளம் கணக்கிடும்போது அதே பொருள், அதே அளவு, விலை மட்டும் மாறியிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். பலர் இங்கேதான் சறுக்குவார்கள். எல்லாச் செலவையும் விலைவாசியின் தலையில் கட்டிவிட்டு முதலாளியிடம் போனால், அவர் முதலில் கை வைப்பது அந்த டியூஷனில்தான். அதை எடுத்துவிட்டால் 2,025. வாடகை 650, சாப்பாடு 840, மோட்டாருக்கு 125, வேன், பழைய டியூஷன் 210, மற்றவை அப்படியே. 1,850 போய் 2,025 என்றால் 9.5 விழுக்காடு.

நாட்டுக்கு 5.9, இவருக்கு மட்டும் எப்படி 9.5? புள்ளிவிவரத் துறை பொய் சொல்லவில்லை. குறியீட்டில் உணவுக்கு உள்ள எடை சுமார் 30 விழுக்காடு. அக்காவின் நோட்டில் அது 40-ஐத் தாண்டுகிறது. நாட்டுக் கணக்கிலேயே உணவு விலை 2022-இல் 5.8, 2023-இல் 4.8 விழுக்காடு ஏறியது. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 11. இவர் நோட்டில் 12. பெரிய வித்தியாசமில்லை. அரிசியை மட்டும் பாருங்கள். 2023 செப்டம்பரில் இறக்குமதி வெள்ளை அரிசி டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ஆனது. உள்ளூர் அரிசிக்கு 10 கிலோ 26 வெள்ளி என்ற உச்சவரம்பு விலை மாறவில்லை, ஆனால் கடையில் மூட்டையைத்தான் காணோம். விலை ஏறாத அரிசி கிடைக்காமல், ஏறிய அரிசியை வாங்கினார்.

சராசரியைக் கீழே இழுத்துப் பிடித்ததில் ரோன்95 பெட்ரோலுக்கும் பங்குண்டு. அந்த இரண்டு வருடமும் லிட்டர் 2 வெள்ளி 5 காசுதான். பெரிய கார் வைத்திருந்தவருக்கு அந்த நிலைத்த விலை மாதம் நூற்றுக்கணக்கில் காப்பாற்றியது. இவர் ஓட்டுவது ஹோண்டா கப். காப்பாற்றியதும் அதற்கேற்ற அளவுதான்.

அவர் கூடையின் விலையை வைத்தால் 2,300 வெள்ளியின் மெய் மதிப்பு 2,101. பழைய நிலையிலேயே நிற்க 2,408 வேண்டியிருந்தது. ஒரு வீட்டு நோட்டு நாட்டுக்கு அளவுகோல் ஆகாது. வாடகையை 50 கூட்டியது ஒரு வீட்டுக்காரரின் முடிவு. அதனால் மேலாளரிடம் நோட்டை மட்டும் நம்பிப் போக வேண்டாம் என்றேன். 2,329-ஐ முதலில் வையுங்கள், அது அரசாங்க எண், யாரும் மறுக்க முடியாது. உணவு விலையின் தனிக் குறியீட்டை இரண்டாவதாக எடுங்கள். நோட்டைக் கேட்டால் காட்டுங்கள்.

அவர் அப்படியே செய்தார். டியூஷனை நீக்கிவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்றதும் மேலாளர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாராம். ஏப்ரலிலிருந்து 2,350 ஆக்கினார்கள். அது 2,329-ஐத் தாண்டுகிறது, 2,408-க்கு இன்னும் 58 குறைவு. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அக்கா 2,329, 2,408 என்ற இரண்டு எண்ணையும் எழுதி, பக்கத்தில் ‘2021 டிசம்பர்ச் சம்பளத்துக்கு ஈடு’ என்று குறித்துக்கொண்டார். அடுத்த ஜனவரியில் 2024-இன் விலையேற்றத்தையும் பெருக்கிப் பார்க்கத் தொடக்கம் எங்கே என்று தெரிய வேண்டுமே.