எட்டு உதைக்கும் விழாத முன் கண்ணாடி

விபத்துக்குள்ளான வண்டிகளைப் பார்வையிட்டுச் சேத அறிக்கை எழுதுவது என் தொழில். உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "முன் கண்ணாடி அப்படியே நிற்கிறது, பக்கக் கண்ணாடி மட்டும் கல்கண்டு மாதிரி கொட்டிவிட்டதே, மட்டமான கண்ணாடியைப் போட்டு ஏமாற்றிவிட்டார்களா?" யாரும் ஏமாற்றவில்லை. இரண்டும் உடைய வேண்டிய விதத்தில்தான் உடைந்திருக்கின்றன. ஆனால் இந்த வித்தியாசம் தெரியாததால் வண்டிக்குள் மாட்டிக்கொண்டு தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு வண்டியைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

சாலையோரத் திட்டில் மூக்கை இடித்துவிட்டு, பள்ளத்தில் இறங்கி, இடப்பக்கமாகச் சாய்ந்து கிடந்த கார் அது. முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். இடப்பக்கக் கதவுகள் தரையோடு ஒட்டிக்கிடந்தன. வலப்பக்கக் கதவுகள் தலைக்கு மேலே போய்விட்டன, சட்டம் நெளிந்ததால் திறக்கவும் வரவில்லை. மின் இணைப்பு போய்விட்டதால் கண்ணாடியை இறக்கவும் வழியில்லை. அப்போது எதிரே செங்குத்தாக நின்றது முன் கண்ணாடிதான். இருவரும் அதைக் காலால் உதைத்திருக்கிறார்கள். நான் எண்ணிப் பார்த்தபோது எட்டு இடங்களில் உதை விழுந்த தடம் இருந்தது. கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாக விரிசல்தான், ஆனால் ஒரு கை நுழையும் அளவுக்குக்கூட ஓட்டை விழவில்லை.

காரணம், முன் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி கிடையாது. சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு சாதாரணக் கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டவைத்திருப்பார்கள். இதுதான் லேமினேட்டட் கண்ணாடி. அந்தப் படலம் பெரும்பாலும் 0.76 மில்லிமீட்டர்தான் இருக்கும், ஆனால் ரப்பர் போல இழுபடும். அடி விழுந்தால் கண்ணாடி உடையும், துண்டுகள் படலத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். எதிரே வரும் கல் உள்ளே பாயக் கூடாது, உள்ளே இருப்பவர் வெளியே வீசி எறியப்படக் கூடாது என்பதற்காகவே இப்படிச் செய்கிறார்கள். வெளியே பறக்காமல் தடுக்கும் அதே படலம், வெளியேற நினைப்பவரையும் தடுக்கிறது.

என்னைப் போன்றவர்களுக்கு இந்தக் கண்ணாடி ஒரு சாட்சி. உடைந்த பிறகும் இடத்தை விட்டு நகராததால், எது எங்கே இடித்தது என்பது அதிலேயே பதிந்திருக்கும். அந்தக் காரின் முன் கண்ணாடியில் உதைத் தடங்களைத் தவிர இன்னொன்றும் இருந்தது. இடப்பக்க இருக்கைக்கு நேரே, மேல் பகுதியில், சிலந்தி வலை போல வட்டமாக ஒரு விரிசல். அதன் நடுப்பகுதி வெளிப்புறமாகப் புடைத்திருந்தது, இடுக்கில் இரண்டு மூன்று முடி சிக்கியிருந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவரோ பெல்ட் போட்டிருந்ததாகச் சொன்னார், உதைத்ததில்தான் அந்த இடமும் உடைந்தது என்றார்.

எது முதலில் நடந்தது என்பதற்கு எளிமையான கணக்கு ஒன்று உண்டு. கண்ணாடியில் ஓடும் விரிசல், தனக்கு முன்பே இருக்கும் விரிசலைத் தாண்டாது, அதில் முட்டி நின்றுவிடும். இங்கே உதைகளிலிருந்து கிளம்பிய கோடுகள் எல்லாம் அந்த வட்ட வலையில் வந்து முட்டி நின்றிருந்தன. ஆக வலை முதலில் விழுந்தது, அதாவது திட்டில் இடித்த கணத்தில், தலை மோதி. ஏர்பேக் விரிந்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன், ஏனென்றால் பயணியின் ஏர்பேக் மேலெழும் வேகத்திலேயே முன் கண்ணாடி விரிசல் விடுவது உண்டு. இந்த வண்டியில் அது விரியவே இல்லை. கடைசியில் பெல்ட் போடவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார்.

சரி, அவர்கள் எப்படித்தான் வெளியே வந்தார்கள்? வழியில் போனவர்கள் பின் கண்ணாடியை உடைத்துத்தான் எடுத்தார்கள். முதலில் ஒருவர் உருண்டைக் கல்லை எடுத்து அதன் நடுவில் அடித்திருக்கிறார். இரண்டு முறையும் கல் தெறித்து வந்துவிட்டது. அப்புறம் இன்னொருவர் டயர் கழற்றும் லிவரின் முனையை ஓரமாக, மூலையில் வைத்து ஒரு போடு போட்டார். மொத்தக் கண்ணாடியும் பொலபொலவென்று கொட்டிவிட்டது.

பின் கண்ணாடியும் பெரும்பாலான வண்டிகளின் பக்கக் கண்ணாடிகளும் டெம்பர்டு வகை. டஃபன்டு என்றும் சொல்வார்கள். 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, இருபுறமும் காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிர வைப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும், உட்பகுதி பிறகு மெதுவாகச் சுருங்கும். அதனால் மேல்தோல் எப்போதும் நெருக்கப்பட்டும், உள்பகுதி எப்போதும் இழுபட்டும் இருக்கும். இந்த நெருக்கம்தான் அதைச் சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு வலுவாக்குகிறது. முழங்கையால் இடித்தாலும், கைபேசியால் அடித்தாலும் அசையாது. ஆனால் கூர்முனை ஒன்று அந்தத் தோலைத் துளைத்து உள்ளே போய்விட்டால், அடைபட்டிருந்த இழுவிசை முழுவதும் அவிழ்ந்து, விரிசல் நொடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் வேகத்தில் கிளைவிட்டு ஓடும். கண்ணிமைப்பதற்குள் எல்லாம் சிறு சிறு கட்டிகளாகிவிடும். பெரிய கத்தி போன்ற துண்டுகள் வராது. கட்டிகளும் கீறத்தான் செய்யும், ஆனால் உயிருக்கு ஆபத்தான ஆழத்துக்குப் பெரும்பாலும் போகாது.

மூலையில் அடிக்கச் சொல்வது ஏன் என்றால், கண்ணாடியின் நடுப்பகுதி அடிக்கேற்ப வளைந்து கொடுத்து, பலத்தை வாங்கிக்கொள்ளும். ஓரத்தில் அந்த வளைவு இருக்காது. வண்டி தண்ணீரில் மூழ்கியிருந்தால் சுத்தியலை வீச இடமும் வேகமும் கிடைக்காது. முனையை வைத்து அழுத்தினாலே தெறிக்கும் ஸ்பிரிங் கருவிதான் அங்கே உதவும். கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டியிருந்தால் உடைந்த கட்டிகள் கீழே விழாமல் அதில் தொங்கும். துணி சுற்றிய கையாலோ காலாலோ தள்ளிவிட வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சத்தம் உள்ளே வராமல் இருப்பதற்காகவும், பயணி வெளியே வீசப்படாமல் இருப்பதற்காகவும் இப்போது பல வண்டிகளில் முன் கதவுக் கண்ணாடிகளையே லேமினேட்டடாகப் போடுகிறார்கள். அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ. என்ற வாகன ஓட்டிகள் அமைப்பு 2019-இல் கண்ணாடி உடைக்கும் ஆறு கருவிகளைச் சோதித்தபோது, நான்கு கருவிகள் டெம்பர்டு கண்ணாடியை உடைத்தன. லேமினேட்டட் கண்ணாடியை ஒன்றுகூட ஊடுருவவில்லை.

ஆகவே உங்கள் வண்டியின் ஒவ்வொரு கண்ணாடியின் மூலையையும் தனித்தனியாகப் பாருங்கள். அச்சிட்ட முத்திரையில் லேமினேட்டட், டெம்பர்டு அல்லது டஃபன்டு என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். எழுத்து இல்லையென்றால் கதவுக் கண்ணாடியைப் பாதி இறக்கி, மேல் விளிம்பை உற்றுப் பாருங்கள். லேமினேட்டட் என்றால் நடுவில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். (போலரைஸ்டு கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு பார்த்தால் டெம்பர்டு கண்ணாடியில் மங்கலான புள்ளிகள் தெரியும். காற்று பீய்ச்சிய தடம் அது.) முன் கதவு லேமினேட்டட் என்றால், பின் கதவோ பின் கண்ணாடியோ டெம்பர்டாக இருக்கிறதா என்று பார்த்து, அதுதான் நமக்கு வழி என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

அந்தக் காரிலும் கண்ணாடி உடைக்கும் சுத்தியல் ஒன்று இருந்தது. டிக்கியில், ஸ்டெப்னிக்கு அடியில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்.